ஆலை கைமாறும்போது இழுப்பறையில் கிடக்கும் நோட்டீஸ்

சிறு தொழில்கள் கைமாறும்போது எழுதப்படும் ஒப்பந்தங்களில், "இத்தொழிலின் மீது நிலுவையோ வழக்கோ விசாரணையோ ஏதுமில்லை என விற்பவர் உறுதி கூறுகிறார்" என்ற வரி பெரும்பாலும் இருக்கும். பழைய பத்திரத்திலிருந்து அப்படியே எடுத்துச் சேர்க்கப்படும் இந்த வரியை இரு தரப்பாரும் சரியாகப் படிக்காமலே கையொப்பமிடுவதை நாகர்கோவிலில் வழக்கறிஞராக அடிக்கடி பார்க்கிறேன்.

அடையாளங்களை மாற்றி ஒரு விவகாரத்தைச் சொல்கிறேன். கருங்கல் பக்கத்து முந்திரி ஆலை ஒன்று, இயந்திரங்களும் இருப்பும் தொழிலாளர்களும் சேர்த்து 60 லட்சம் ரூபாய்க்கு விலை பேசப்பட்டது. தோல் உரிக்கும் பெண்கள் சிலருக்கு பி.எஃப். தொகை கட்டப்படவில்லை என்ற நோட்டீஸ் விற்பவரிடம் ஏற்கெனவே இருந்தது. "பி.எஃப்.ல ஒரு சின்ன பிரச்சினை கெடக்கு, பாத்துக்கலாம்" என்று பேச்சுவாக்கில் வாங்குபவரிடம் சொல்லவும் செய்தார். ஒப்பந்தத்திலோ விசாரணை ஏதுமில்லை என்ற வரியே இருந்தது. எட்டு மாதம் கழித்து 6.4 லட்சம் ரூபாய்க்கு உத்தரவு வந்தது. தொழில் கைமாறினால் பழைய பி.எஃப். நிலுவைக்குப் புதிய உரிமையாளரும், தாம் பெற்ற சொத்துகளின் மதிப்பு வரை, பொறுப்பாவார். ஜி.எஸ்.டி. நிலுவைக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 85-ஆம் பிரிவு இருவரையும் சேர்த்தே பிடிக்கிறது. விற்பனைக்குப் பிறகு நிர்ணயிக்கப்படும் பழைய வரியும் இதில் அடங்கும்.

பணத்தைக் கட்டிவிட்டு வாங்குபவர் கேட்டபோது, "நான்தான் சொன்னேனே" என்பதே விற்பவரின் பதிலாக இருந்தது. வாய்ச்சொல்லை நிரூபிப்பது கடினம்; எழுத்திலோ, தெரிந்தே பொய் சொன்னவராக அவர் நிற்கிறார், அது ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்லும் மோசடி வரை போகக்கூடும். வாங்குபவர் நிலையும் முழுக்கப் பாதுகாப்பானதல்ல. விற்பவர் வெறுமனே வாய்திறக்காமல் இருந்திருந்தால், சாதாரணக் கவனத்தோடு விசாரித்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலையில், ஒப்பந்தத்தையே ரத்து செய்யும் வழியை 19-ஆம் பிரிவின் விதிவிலக்கு அடைத்துவிடும்.

இதைத் தவிர்க்க, உறுதிமொழிக்குக் கீழே "இணைப்பில் கண்டவை நீங்கலாக" என்று சேர்த்து, நோட்டீஸின் எண், தேதி, எந்தக் காலத்து நிலுவை, உத்தேசத் தொகை ஆகியவற்றை எழுதி நகலையும் வைத்தால் போதும். "பி.எஃப். விஷயங்கள் பதிவேடுகளின்படி" என்று மொட்டையாக எழுதுவது, என் பார்வையில், எதையும் வெளிப்படுத்தியதாகாது.

ஆனால் இணைப்பில் எழுதப்பட்ட குறைக்கு உறுதிமொழி மீறல் என்று பிறகு வழக்காட முடியாது. எழுதியது விற்பவரைக் காக்கும், வாங்குபவரைக் காக்காது. ஆகவே அந்த ஒரு நிலுவைக்கு மட்டும், உத்தரவு எப்போது வந்தாலும் விற்பவரே ஈடுசெய்வார் என்று தனிப் பிரிவு எழுதி, விலையில் 7 லட்சத்தை நிறுத்திவைத்து, விசாரணை முடிந்ததும் கழித்துக்கொண்டு மீதியைத் தருவதாகப் பேசிக்கொள்ளலாம். கையொப்பத்துக்கும் சாவி கைமாறும் நாளுக்கும் இடையே புது நோட்டீஸ் வந்தால், இணைப்பைத் திருத்தினால் மட்டும் விற்பவர் தப்பித்துவிடுவாரா, அல்லது வாங்குபவர் விலகிக்கொள்ளலாமா என்பதையும் அதே பிரிவில் எழுதிவிட வேண்டும்.