ஒரே கோப்பை இரண்டு பக்கமும் திருத்தினால் சிங்க்திங் என்ன செய்யும்?

மடிக்கணினியில் ஒரு ஃபோல்டர், வீட்டு சர்வரில் அதன் நகல். இரண்டையும் எப்போதும் ஒரே மாதிரி வைத்திருக்கும் மென்பொருள்தான் சிங்க்திங். நடுவில் எந்த நிறுவனத்தின் கணக்கும் இல்லை. சிங்க்திங் நிறுவிய ஒவ்வொரு கணினிக்கும் ஏழு ஏழு எழுத்துகளாக எட்டுத் தொகுதியில் ஓர் அடையாள எண் கிடைக்கும். ஒன்றின் எண்ணை மற்றதில் சேர்த்து, இரண்டு பக்கமும் சம்மதம் கொடுத்தால் போதும். ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருந்தால் ஒன்றையொன்று தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

சரி, நடுவர் யாரும் இல்லையே, எந்தப் பிரதி புதியது என்று யார் முடிவு செய்வது?

கடிகாரம் அல்ல. ஒவ்வொரு கோப்புடனும் கணினிக்கு ஒன்றாகச் சில எண்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் `notes.txt` இப்போது மடிக்கணினி 5, சர்வர் 3 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம் (உண்மையில் எண்கள் பெரியவை). மடிக்கணினியில் திருத்தினால் 6, 3 ஆகும். இதைப் பார்க்கும் சர்வர், தன்னிடம் உள்ள 5, 3 இதற்குள் அடக்கம் என்று புரிந்துகொண்டு, மாறிய துண்டுகளை மட்டும் வாங்கிக்கொள்ளும்.

வெளியூரில் இணையம் இல்லாமல் மடிக்கணினியில் திருத்துகிறீர்கள்: 6, 3. அதே நாளில் வீட்டில் யாரோ சர்வரில் உள்ள கோப்பைத் திருத்துகிறார்கள்: 5, 4. இப்போது எதுவும் எதற்குள்ளும் அடங்கவில்லை. இதுதான் மோதல்.

கடிகாரம் இங்கேதான் உள்ளே வருகிறது. கடைசியாகத் திருத்திய நேரம் எதற்குப் பழையதோ, அந்தப் பிரதியின் பெயர் மாறும்:

```
notes.sync-conflict-20250614-213045-K7QXZ2A.txt
```

தேதி, நேரம், கடைசியாகத் திருத்திய கணினியின் அடையாள எண்ணில் முதல் தொகுதி. ஏதாவது ஒரு கணினியின் கடிகாரம் தப்பாக ஓடினால் தப்பான பிரதிக்கு இந்தப் பெயர் விழும். ஆனாலும் எதுவும் அழியாது. மோதல் கோப்பும் சாதாரணக் கோப்பாக இரண்டு பக்கமும் போய்ச் சேரும். சத்தமில்லாமல் சேர்வதுதான் தொல்லை. மாதம் ஒருமுறை இப்படித் தேடிப் பார்க்கலாம்:

```
find ~/notes -name '*.sync-conflict-*'
```

இரண்டையும் திறந்து, வேண்டியதை ஒன்றாக்கி, மோதல் கோப்பை நீக்கிவிட வேண்டும். உள்ளடக்கத்தைச் சேர்க்கும் வேலையை சிங்க்திங் செய்யாது.

நீக்குவதும் இங்கே ஒரு திருத்தம்தான். மடிக்கணினியில் அழித்தால் சர்வரிலும் அழியும். அதனால் சர்வர் பக்கம் அந்த ஃபோல்டருக்குப் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் அமைப்பை இயக்கி வையுங்கள். அழிந்தவை `.stversions` என்ற உள்ஃபோல்டருக்குப் போகும். ஆனால் மற்ற கணினியிலிருந்து வரும் மாற்றங்களை மட்டுமே அது பிடித்து வைக்கும். சர்வரிலேயே நேரடியாக நீங்கள் அழித்த கோப்பை அங்கே தேடிப் பயனில்லை.