ஸ்க்ரோலில் அறுபடாத எழுத்து

காலை ஆறரை மணிக்குச் சித்தி ஒரு படம் அனுப்பியிருந்தார். தொலைக்காட்சியைக் கைப்பேசியில் பிடித்தது போன்ற படம். மேல் வலது மூலையில் நான் வேலை பார்க்கும் செய்திச் சேனலின் லோகோ, கீழே சிவப்புப் பட்டை, அதற்குள் 'நாளை நடைபெறவிருந்த அனைத்துத் தேர்வுகளும் மறுதேதி அறிவிக்கப்படாமல் தள்ளிவைப்பு!!!' என்ற வாசகம். படத்துக்குக் கீழே அவருடைய கேள்வி: "உங்கள் சேனலில்தானே வந்திருக்கிறது, நம்பலாமா?"

பொய் என்று பதில் எழுத எனக்குப் பத்து விநாடிகூட ஆகவில்லை. செய்திப் பிரிவில் யாரையும் கேட்கவில்லை. தேர்வைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்தத் திரை. அதன் பட்டைகளையும் எழுத்துகளையும் அடுக்குகிற கிராபிக்ஸ் பிரிவில்தான் என் நாள் முழுதும் கழிகிறது. "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று சித்தி திரும்பக் கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

சேனலின் திரை ஒரே இடத்தில் உருவாவதில்லை. செய்தி வாசிப்பவரின் பெயர், தலைப்புப் பட்டை போன்றவற்றை ஸ்டுடியோவை ஒட்டிய கட்டுப்பாட்டு அறையில், அதாவது பி.சி.ஆரில், படத்தின் மேல் ஏற்றுகிறோம். மூலை லோகோ பெரும்பாலான சேனல்களில் அங்கே ஏறுவதில்லை. நிகழ்ச்சி, விளம்பரம் எல்லாம் வரிசையாகி வெளியே போகும் மையக் கட்டுப்பாட்டு அறையில், அதாவது எம்.சி.ஆரில், கடைசிக்கும் கடைசியாக, அதை வைக்கிறார்கள். அதனால் நேரலையில் கேமரா எவ்வளவு நெருங்கினாலும் விலகினாலும் லோகோ அசையாது. எல்லா அடுக்குகளுக்கும் மேலே தன் இடத்திலேயே நிற்கும். தொழிலில் அதைப் 'பக்' என்போம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பூச்சி போல நிற்பதால் அந்தப் பெயர் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

சித்தி அனுப்பிய படத்தில் முதலில் உறுத்தியது லோகோ நின்ற இடம். அது மூலையோடு மூலையாக ஒட்டியிருந்தது. ஒளிபரப்பில் யாரும் அப்படி வைப்பதில்லை. பழைய குழாய்த் தொலைக்காட்சிகள் படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் விழுங்கிவிடும். இன்றைய பெட்டிகளிலும் படத்தைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டும் அமைப்புகள் உண்டு. அதனால் எழுத்தும் லோகோவும் ஓரத்திலிருந்து உள்வாங்கி இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 95 பரிந்துரை ஒவ்வொரு பக்கமும் 5 சதவீதம் விடச் சொல்கிறது. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் அது பக்கவாட்டில் 96 புள்ளிகள், மேலும் கீழும் 54 புள்ளிகள். எங்கள் லோகோ சரியாக அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. போலியைச் செய்தவர் கணினித் திரையில் எது அழகாகத் தெரிந்ததோ அங்கே வைத்துவிட்டார்.

இரண்டாவது, லோகோவின் உடம்பு. இணையத்தில் தேடினால் கிடைப்பது எங்கள் விசிட்டிங் கார்டில் இருக்கும் லோகோ. திரையில் ஓடுவது அதன் தம்பி. ஒளிபரப்பில் படத்தின் வெளிச்சம் முழு நுணுக்கத்தோடு போகும். நிறம் அப்படிப் போவதில்லை. வழக்கமாகப் பயன்படும் 4:2:0 முறையில் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே ஒரு நிற மதிப்புதான். நீலத்தின் மேல் மெல்லிய சிவப்புக் கோடு இருந்தால் பார்வையாளர் வீட்டில் அது கசிந்து, ஓரம் கரைந்து தெரியும். எங்கள் லோகோவில் அப்படி ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. அச்சில் அது தலைமுடி போல மெலிந்தது. திரைக்காக அதை ஏறக்குறைய இரட்டிப்பாகத் தடிப்பாக்கினோம், நிழலை எடுத்துவிட்டோம். தவிர, திரை லோகோ கொஞ்சம் ஊடுதெரியும்படி இருக்கிறது. பார்ப்பவரின் கண்ணை உறுத்தக் கூடாது என்பது ஒரு காரணம். நாள் முழுதும் ஒரே இடத்தில் பிரகாசமாக நிற்கும் வடிவம் பிளாஸ்மா, ஓஎல்இடி திரைகளில் தழும்பாகப் பதிந்துவிடக்கூடும் என்பது இன்னொரு காரணம். போலியில் இருந்தது மெலிந்த கோடும் நிழலும் கொண்ட அச்சு லோகோ. பின்னால் இருந்த சுவர் அதன் வழியே துளியும் தெரியவில்லை.

ஆனால் இதையெல்லாம் சித்தி கவனிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்க முடியாது. அவருக்கு உதவக்கூடியது கீழே இருந்தது.

ஸ்க்ரோலைச் சொல்கிறேன். திரையின் அடியில் வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து நிற்பதே இல்லை. ஓடுகிற திரையை எந்தக் கணத்தில் படம் பிடித்தாலும், இரு ஓரங்களில் ஏதாவது ஒன்றிலாவது பெரும்பாலும் ஓர் எழுத்து அறுபட்டிருக்கும். பாதி 'ழ', கொம்பு போன 'கொ', ஏதோ ஒன்று. இரண்டு ஓரங்களிலும் சொல் முழுதாக முடிந்து, முழுதாகத் தொடங்கும் கணம் தற்செயலாக வாய்ப்பது அரிது. சித்தியின் படத்தில் ஸ்க்ரோல் ஒரு முழு வாக்கியம். இடப்பக்கம் சிறிது இடைவெளி, வலப்பக்கம் அதே அளவு இடைவெளி, நடுவில் பாங்காக உட்கார்ந்திருந்தது. ஓடாத ஸ்க்ரோல் அது. யாரோ உட்கார்ந்து தட்டச்சு செய்தது.

தேர்வுச் செய்தி இருந்த சிவப்புத் தலைப்புப் பட்டையும் காட்டிக்கொடுத்தது. தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட மேலும் கீழும் அதிகம் பரவும். மேலே புள்ளியும் விசிறியும், கீழே 'கு', 'ழு' போன்றவற்றின் சுழியும் கேட்கிற இடத்தை விட்டுத்தான் பட்டையின் உயரத்தை முடிவு செய்கிறோம். அதற்குள் எத்தனை எழுத்து கொள்ளும் என்ற எல்லை மென்பொருளிலேயே கட்டப்பட்டிருக்கிறது. செய்தி ஆசிரியர் அதைத் தாண்டினால் பட்டை ஏற்றுக்கொள்ளாது. வேறு சொல் தேட வேண்டும். 'மறுதேதி அறிவிக்கப்படாமல்' என்ற நீளம் எங்கள் பட்டையில் நுழைந்திருக்கவே முடியாது. போலியில் அதை நுழைக்க எழுத்தைச் சிறிதாக்கியிருந்தார்கள், 'ளு'வின் சுழி பட்டைக்கு வெளியே தொங்கியது. மூன்று ஆச்சரியக்குறி வேறு! எங்கள் நடைக் குறிப்பில் ஒன்றுக்கே இடமில்லை.

சேனலை மக்கள் லோகோவால் அடையாளம் காண்கிறார்கள் என்று நிர்வாகத்தில் இருப்பவர்கள் நம்புகிறார்கள். லோகோவை மாற்றும்போது நடக்கும் கூட்டங்களின் நீளமே அதற்குச் சாட்சி. நான் அதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்கிறேன். ஒருமுறை எங்கள் திரையிலும் மற்றச் சேனல்களின் திரைகளிலும் லோகோவை மட்டும் அழித்து, கணக்குப் பிரிவினர் சிலரிடம் காட்டினோம். தயங்காமல் சேனல் பெயர்களைச் சொன்னார்கள். பட்டையின் நிறம், அது நிற்கும் உயரம், எழுத்துருவின் முகம், கடிகாரம் எந்தப் பக்கம் என்பவையே போதுமாக இருந்தன. ரிமோட்டை அழுத்திக்கொண்டே போகிறவருக்கு லோகோவைப் படிக்க நேரமில்லை. திரையின் உருவத்தை மொத்தமாகப் பார்த்துத்தான் நிற்கிறார்.

நிகழ்ச்சிகளுக்கு நடுவே வரும் சில விநாடி அடையாளத் துணுக்கிலும், ஐடென்ட் என்று சொல்கிறோமே அதிலும், இதே கதைதான். 1982 நவம்பர் 2 அன்று பிரிட்டனில் சேனல் 4 தொடங்கியபோது, மார்ட்டின் லாம்பி-நேர்னின் வடிவமைப்பில் பல நிறக் கட்டைகள் பறந்து வந்து ஒன்றுசேர்ந்து 4 என்ற எண் ஆயின. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் 2004இல் வந்த ஐடென்ட்களில் அந்த நிறங்கள் இல்லை. கேமரா ஓர் இடத்தைக் கடந்து போகும். அங்கிருக்கும் பொருள்கள் ஒரே ஒரு கோணத்தில், ஒரு கணம் மட்டும், 4 ஆகத் தெரிந்து மறுபடி சிதறிவிடும். ஆனாலும் அது சேனல் 4 என்பதில் யாருக்கும் ஐயம் வராது. துண்டுகள் கூடி எண்ணாவது என்ற அசைவே அதன் கையெழுத்து. 1981இல் தொடங்கிய எம்டிவி வேறு வழி பிடித்தது. பெரிய 'எம்' என்ற உருவத்தை விடாமல் வைத்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் நிறத்தையும் கோலத்தையும் ஓயாமல் மாற்றியது. எது மாறினாலும் மாறாத ஒன்றைப் பிடித்துக்கொள்வதில்தான் இந்த வேலையின் சூட்சுமம் இருக்கிறது. போலி செய்பவர் லோகோவை எடுத்துக்கொண்டு, மாறாத அந்த ஒன்றை விட்டுவிடுகிறார்.

இதற்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்துக் குழுக்களைத் தாண்டி வந்த படத்தில் ஊடுதெரிதல் எல்லாம் மங்கிப்போய்விடும். உண்மையான திரையைப் படம் பிடித்து வாசகத்தை மட்டும் மாற்றினால் லோகோவும் ஸ்க்ரோலும் சரியாகவே இருக்கும். அப்போது மங்கிய படத்தின் மேல் தலைப்பு மட்டும் கத்திமுனை போலத் துலக்கமாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்கலாம். சேனல்கள் சமூக ஊடகத்துக்கென்று தனியாக நியூஸ் கார்டு வெளியிடுகின்றன. அதில் ஸ்க்ரோலே இருக்காது என்பதால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. சேனலின் அதிகாரபூர்வ பக்கத்தில் அதே கார்டு இருக்கிறதா என்று தேடுவது ஒன்றே வழி.

என்னைத் திணறடித்தது வேறொன்று. சில மாதங்களுக்குப் பிறகு சித்தி ஒரு காணொளி அனுப்பினார். அணையிலிருந்து தண்ணீர் திறப்பு, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை. லோகோ உரிய இடத்தில், ஊடுதெரிந்தபடி. ஸ்க்ரோல் ஓடியது, ஓரத்தில் எழுத்து அறுபட்டது. எல்லாமே எங்களுடையது, நாங்கள்தான் ஒளிபரப்பினோம். சிவப்புக் கோட்டைப் பார்த்த பிறகே புரிந்தது. அது தடிப்பாக்குவதற்கு முந்தைய மெலிந்த கோடு. அப்படியென்றால் காணொளிக்குக் குறைந்தது மூன்று வயது. கடிகாரம் 7:42 என்றது. எந்த ஆண்டின் 7:42 என்று திரையில் எங்குமே இல்லை.

அந்தக் காணொளியை எடுத்துக்கொண்டு செய்தி ஆசிரியர் எங்கள் அறைக்கு வந்தார். கடிகாரத்துக்குப் பக்கத்தில் தேதியும் வேண்டும் என்றார். மூலை நெரிசலாகிவிடும், லோகோ மூச்சு முட்டும் என்று நான் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. இப்போது நாள், மாதம், ஆண்டு மூன்றும் கடிகாரத்தின் கீழே நிற்கின்றன. என் கண்ணுக்கு அந்த மூலை இன்னும் நெரிசலாகத்தான் தெரிகிறது.