கழுத்து வளையுதுன்னா மூளைக்காய்ச்சல் இல்லன்னு அர்த்தமா?

கடலூர் பக்கம் கைக்குழந்தை ஓயாம அழுதா வீட்ல பெரியவங்க முதல்ல சொல்றது "உரம் விழுந்திருக்கும், எடுத்துட்டு வந்துடலாம்"னுதான். புடவையில போட்டு உருட்டி உரம் எடுக்கறதப் பத்தி சண்டை போட வரல, ஆனா காய்ச்சலோட அழுவுற குழந்தைய அப்படி உருட்டவே கூடாதுங்கறத மட்டும் கொஞ்சம் கெஞ்சியே கேட்டுக்கறேன்.

நான் பாண்டிச்சேரியில குழந்தைங்க எமர்ஜென்சியில நர்ஸ். தேவனாம்பட்டினத்துல இருந்து ஒரு 4 மாசக் குழந்தைய அப்படித்தான் உரம் எடுத்துட்டு அடுத்த நாள் கூட்டிட்டு வந்தாங்க. ரெண்டு நாளா காய்ச்சல், பால் குடிக்கல, பாதி நேரம் சொணங்கிப் படுத்திருக்கு. ஆனா அந்த அம்மா சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு பக்குன்னு இருந்துச்சு, "கீழ போட்டா சும்மா இருக்கு சிஸ்டர், தூக்கி மடியில வச்சாதான் வீல்னு கத்துது". சாதாரணமா அழுவுற குழந்தை தூக்கினா அடங்கும். மூளைக்காய்ச்சல் வந்து மூளையச் சுத்தியிருக்கற சவ்வு வீங்கியிருந்தா தூக்கும்போது, டயப்பர் மாத்த கால மடக்கும்போது எல்லாம் அது இழுபட்டு வலிக்கும், அதனால தூக்கினா அழுகை கூடும்.

கழுத்தப் பாத்தா சாதாரணமா வளைஞ்சுது. ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்களுக்கு கழுத்து இறுகறது பல சமயம் வரவே வராது, அதனால கழுத்த நம்பி உக்காந்திருக்கக் கூடாது, உச்சிக்குழியப் பாக்கணும். குழந்தை அழாம இருக்கும்போது நிமித்தி உக்கார வச்சு மெதுவா விரல் வச்சுப் பாருங்க, அழும்போது யாருக்குமே அது கொஞ்சம் மேல எழும்பும். இந்தக் குழந்தைக்கு அமைதியா இருக்கும்போதே உப்பி, டைட்டா இருந்துச்சு. பொறந்து ஒரு மாசம் கூட ஆகாத குழந்தையா இருந்தா காய்ச்சலே இல்லாம உடம்பு சில்லுனு கூட இருக்கலாம், பால் குடிக்காம துவண்டு கிடக்கறதே போதும் ஓடி வர்றதுக்கு.

பெரியவங்களுக்கு கத வேற. காய்ச்சல், மண்டைய பிளக்கற தலைவலி, வாந்தி, வெளிச்சம் பாக்க முடியாம கண்ண மூடிக்கறது, பேச்சு குழம்பறது. இவங்களுக்கு கழுத்து டெஸ்ட் பண்ணுவோம். தலகாணி இல்லாம மல்லாக்கப் படுக்க வச்சு, முதல்ல தலைய அவங்களையே ரெண்டு பக்கமும் திருப்பச் சொல்லுவோம், அப்புறம் பின்னந்தலையில கை வச்சு தாடை நெஞ்சத் தொடுற மாதிரி மெதுவா தூக்குவோம். மூளைக்காய்ச்சல்ல பக்கவாட்டுல ஓரளவு திரும்பும், முன்னாடி மடக்கும்போதுதான் கட்டை மாதிரி நிக்கும். கழுத்து எலும்பு தேய்மானம்னா எல்லாப் பக்கமும் பிடிக்கும். (வண்டியில விழுந்து அடிபட்டவங்களுக்கு இந்த டெஸ்ட கண்டிப்பா செய்யக் கூடாது.) கழுத்த மடக்கும்போது முட்டியும் இடுப்பும் தானா மடங்கினா அது ப்ரட்ஜின்ஸ்கி. தொடைய நேரா மேல தூக்கி முட்டிய மடக்கி வச்சு, அப்புறம் முட்டிய நீட்டும்போது தொடைக்குப் பின்னாடி வலிச்சு நீட்ட முடியாமப் போனா அது கெர்னிக்.

இந்த டெஸ்ட் பாசிடிவ்னா பெருசா எடுத்துக்கணும், நெகடிவ்னா ஒண்ணுமில்லன்னு வீட்டுக்கு அனுப்பிடக் கூடாது. 2002ல பெரியவங்கள வச்சு செஞ்ச ஒரு ஆய்வுல நோய் இருந்தவங்கள்ல கழுத்து இறுக்கம் நூத்துக்கு 30 பேருக்குதான் இருந்துச்சு, கெர்னிக்கும் ப்ரட்ஜின்ஸ்கியும் வெறும் 5 பேருக்கு. முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாத்தாதான் உறுதியாகும், அதுக்கு லேட்டாகும்னா ப்ளட் கல்ச்சர் எடுத்துட்டு ஆன்டிபயாட்டிக்க உடனே ஆரம்பிச்சுடுவாங்க. முதுகுல ஊசி போட்டா இடுப்பு விழுந்துடும்னு பயந்து கையெழுத்து போடாம நேரம் கடத்தாதீங்க, ஊசி போகற எடம் தண்டுவடம் முடிஞ்சதுக்குக் கீழ.

அந்தக் குழந்தைக்கு நீர் கலங்கலா வந்துச்சு. என்ன கிருமின்னு தெரியற வரைக்கும் தனி ரூம், கிட்ட போறவங்க சர்ஜிகல் மாஸ்க், ஒரே ஒரு அட்டெண்டர். வெளிய நின்ன சொந்தக்காரங்க குழந்தைய ஒதுக்கி வச்சுட்டோம்னு கோவப்பட்டாங்க, அவங்க வேதனை புரியுது. ஆனா மெனிங்கோகாக்கஸ்னு ஒரு கிருமி இருமல் தும்மல் எச்சில் வழியா பக்கத்துல இருக்கறவங்களுக்குப் பரவும், அதுக்குத்தான் இந்த ஏற்பாடு, சரியான மருந்து ஆரம்பிச்சு 24 மணி நேரம் ஆனதும் எடுத்துடுவோம். இந்தக் குழந்தைக்கு கல்ச்சர்ல வந்தது நிமோகாக்கஸ், அதுக்கு தனி ரூமே தேவையில்ல, கை கழுவறது மாதிரி வழக்கமான கவனம் போதும்னு வார்டுக்கு மாத்திட்டோம். வீட்ல யாருக்கும் தடுப்பு மாத்திரையும் தரல. காது கேக்கறது பாதிக்கலாம்ங்கறதால டிஸ்சார்ஜ் நேரத்துல காது டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாங்க, குழந்தை நல்லா ஆயிடுச்சேன்னு அத விட்டுடாதீங்க.

மெனிங்கோகாக்கஸா இருந்தா, ஒரே வீட்ல தூங்கினவங்க, முத்தம் கொடுத்தவங்களுக்கு எல்லாம் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ தடுப்பு மருந்து கொடுப்பாங்க. ரிஃபாம்பிசின் கொடுத்தா ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகும், அதப் பாத்து பயந்து பாதியில நிறுத்திடாதீங்க. காசநோயால வர்ற மூளைக்காய்ச்சல் ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டாது, ஆனா அவங்க நுரையீரல்லயும் காசநோய் இருக்கான்னு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டுதான் பொது வார்டுக்கு அனுப்புவோம்.