இரண்டு பேர் முடித்த கிரயம்: ஒருவருடைய வரி இன்னொருவர் தலையில் விழுவது எப்படி?

பாளையங்கோட்டை பக்கம் சில ரியல் எஸ்டேட் அலுவலகங்களுக்குக் கணக்குப் பார்க்கிறேன். கமிஷன் தகராறு என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பங்கு விகிதத்தில் சண்டையே இருக்காது. அறுபதுக்கு நாற்பது என்று பேசியதை இருவருமே ஒத்துக்கொள்வார்கள். கைக்கு வந்த தொகைதான் இடிக்கும்.

பெருமாள்புரத்தில் ஒரு வீடு 60 லட்சத்துக்குக் கிரயமானது. விற்றவர், வாங்கியவர் இரண்டு பக்கமும் ஒரு சதவீதம் என்று பேச்சு. ஆக மொத்தக் கமிஷன் 1,20,000 ரூபாய். அலுவலகம் ஜிஎஸ்டி பதிவு உள்ளது என்பதால் பில்களில் 18 சதவீதம் சேர்ந்து 1,41,600 என்று வந்தது. அதைப் பார்த்துவிட்டு "ஒண்ணரை லட்சம் பக்கம் பங்குக்கு வருமோ" என்றெல்லாம் கணக்குப் போடக்கூடாது. கூடுதலாக வந்த 21,600 அரசாங்கத்துக்குப் போகிற பணம், பங்குக்கு வராது. அதேபோல வாங்கியவர் வீட்டு விலையில் ஒரு சதவீதம் பிடித்துக் கட்டினாரே, அது விற்றவருடைய வரி. தரகர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அலுவலகத்தின் பங்கு 30 சதவீதம், அதாவது 36,000. மீதி 84,000. விற்பவரைக் கொண்டுவந்த மூத்த ஏஜெண்டுக்கு 60 சதவீதம், பார்ட்டி பிடித்த இளைய ஏஜெண்டுக்கு 40. பிரித்தால் 50,400, 33,600. கமிஷன் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரியான டிடிஎஸ் 2024 அக்டோபர் முதல் 2 சதவீதம்தான், முன்பு 5 ஆக இருந்தது. ஒருவருக்கு ஒரு வருடத்தில் கொடுக்கும் கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டினால் பிடிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மூத்தவர் கையில் 49,392 வந்திருக்க வேண்டும். அவருக்கு வந்தது 45,763.

"தம்பி, சதவீதம் சரியாத்தான் இருக்கு. பணம் குறையுதே" என்றார். "கணக்கச் சீட்டோட கொண்டாங்க அண்ணாச்சி" என்றேன்.

சீட்டைப் பார்த்ததும் விஷயம் தெரிந்தது. இளையவருடைய பான் எண் ஆதாரோடு இணைக்கப்படவில்லை. அப்படிச் செயலிழந்த பான் இருந்தால், பான் இல்லாதவருக்குப் போலவே 20 சதவீதம் பிடிக்க வேண்டும். 33,600-க்கு அது 6,720. மூத்தவருடைய 1,008-ஐயும் சேர்த்து மொத்த வரி 7,728. கணக்கர் இதை 84,000-லிருந்து மொத்தமாகக் கழித்து, மீதி 76,272-ஐ அறுபதுக்கு நாற்பது என்று பிரித்துவிட்டார். இளையவருக்கு 26,880 போயிருக்க வேண்டிய இடத்தில் 30,509 போனது. மூத்தவருக்கு 3,629 குறைந்தது.

கணக்கர் மேல் முழுப் பழியும் போட முடியாது. இருவருக்கும் ஒரே வரி விகிதம் என்றால் முதலில் பிரித்து வரி கழித்தாலும், வரி கழித்துப் பிரித்தாலும் விடை ஒன்றுதான். வருடக்கணக்காக அப்படியே ஓடியிருக்கும். விகிதம் ஒருவருக்கு மட்டும் மாறுகிற அன்றைக்குத்தான் குட்டு வெளிப்படும். ஒருவருடைய பங்கு 20,000 வரம்புக்குள் நின்று, இன்னொருவருடையது தாண்டினாலும் இதே கோளாறு வரும்.

இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. டிடிஎஸ் தொலைந்துபோன பணம் இல்லை, அவரவர் பான் கணக்கில் முன்கூட்டிக் கட்டிய வரி. இளையவர் 1,000 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டி ஆதாரை இணைத்து, ரிட்டர்ன் தாக்கல் செய்தால், அவருக்கு வரி வராத வருமானம் என்றால் 6,720 முழுவதையும் திரும்பக் கேட்கலாம். அதில் பாதிக்கு மேல் மூத்தவர் பையிலிருந்து போனது என்று வருமான வரித் துறைக்கு எப்படித் தெரியும்? இந்த விவகாரத்தில் அலுவலகம் அடுத்த கிரயக் கமிஷனில் நேர் செய்துகொடுத்தது, நல்லவேளை.

இதைவிட நம் பக்கம் அதிகம் நடப்பது வேறு. "நீங்களே வாங்கி அவருக்குக் கொடுத்துருங்க" என்று 84,000-ஐயும் ஒரே ஏஜெண்டின் வங்கிக் கணக்கில் போட்டுவிடுவார்கள். அப்போது 1,680 டிடிஎஸ்ஸும் 84,000 வருமானமும் அவர் பானில் ஏறும். அவர் 33,600-ஐ ரொக்கமாக எடுத்துக் கொடுத்திருப்பார், கையெழுத்துக்கூட வாங்கியிருக்க மாட்டார். ரிட்டர்ன் போடும்போது அந்தத் தொகையைச் செலவாகக் காட்ட ஆதாரம் இருக்காது.

அதனால் கிரயம் பதிவாகும் முன்பே அலுவலகத்தில் இரண்டு பெயர், இரண்டு பான், இரண்டு வங்கிக் கணக்கு என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பணம் வந்த பிறகு, காலாண்டு டிடிஎஸ் கணக்கை அலுவலகம் தாக்கல் செய்ததும், வருமான வரி இணையதளத்தில் உங்கள் பங்கும் உங்கள் வரியும் மட்டும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தவறாக ஏறியிருந்தால் திருத்தக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டியது அலுவலகம்தான். உங்களால் அதை மாற்ற முடியாது.