'ஆக்சுவலா' என்று தொடங்கும் தவறு

ஸ்பானிஷ் வகுப்பில் சேருகிறவர்கள் முதல் மாதத்திலேயே 'எம்பராசாதா' கதையைக் கேட்டுவிடுவார்கள். ஆங்கில 'எம்பாரஸ்ட்' நினைவில், கூச்சமாக இருக்கிறது என்று சொல்லப்போய் 'எஸ்தோய் எம்பராசாதா' என்றால், 'நான் கர்ப்பமாக இருக்கிறேன்' என்று அர்த்தம். 'மெ தா வெர்குவென்சா' என்று சொல்லியிருக்க வேண்டும். கேட்பவர் சிரித்துவிடுவார், தவறு அங்கேயே பிடிபட்டுவிடும். அதனால் எனக்கு இந்தச் சொல்மேல் பெரிய பயமில்லை.

நான் பயப்படுவது 'ஆக்துவால்மென்தே'வுக்கு. ஸ்பானிஷில் 'ஆக்துவால்' என்றால் தற்போதைய. ஆங்கில 'ஆக்சுவல்' என்றால் உண்மையான. இரண்டுக்கும் தாய் ஒரே லத்தீன் சொல்தான். பிரெஞ்சும் ஜெர்மனும்கூட 'தற்போதைய' என்ற பொருளிலேயே நிற்கின்றன, ஆங்கிலம்தான் வேறு பொருளில் நிற்கிறது. நாமோ வாயைத் திறந்தாலே "ஆக்சுவலா..." என்கிற ஆட்கள். அந்தப் பழக்கம் அப்படியே ஸ்பானிஷுக்குள்ளும் வந்துவிடுகிறது.

என் மாணவி ஒருவர், ஸ்பெயினில் வீடு வாடகைக்கு விடும் அம்மாவுக்கு மின்னஞ்சல் எழுதினார். கணவரும் வருகிறாரா என்று அந்த அம்மா கேட்டிருந்தார். 'உண்மையில் எனக்குக் கல்யாணமே ஆகவில்லை' என்பது இவர் நினைத்த பதில். எழுதியது 'ஆக்துவால்மென்தே நோ எஸ்தோய் காசாதா'. அதாவது, 'தற்சமயம் எனக்குக் கணவர் இல்லை'. இலக்கணம் சரி, வாக்கியமும் இயல்பாகவே இருக்கிறது. விவாகரத்து ஆகியிருக்கும் போல என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டு, மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. யாரும் சிரிக்காததால் யாருக்கும் தவறு தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டியபோதுதான் விஷயம் வெளிவந்தது.

இப்படிப் பொருத்தமாகத் தோன்றும் தவறு மருத்துவமனையில் நடந்தால் விபரீதம். 1980-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவரை மயங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். கியூபாவைச் சேர்ந்த குடும்பம் சொன்ன சொல் 'இன்தொக்சிகாதோ'. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில். அது 'இன்டாக்சிகேட்டட்' என்று புரிந்துகொள்ளப்பட்டு, போதைமருந்துக்கான சிகிச்சை நடந்தது. உண்மையில் அவருக்கு மூளையில் ரத்தக்கசிவு. கை கால்கள் செயலிழந்தன. வழக்கு சுமார் 7.1 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது.

சரி, 'ஆக்துவால்மென்தே'வை எப்படிப் பிடிப்பது? அது வரும் இடத்தில் 'இப்போது' என்று பொருள்படும் 'ஆஓரா'வைப் போட்டுப் படித்துப் பாருங்கள். நீங்கள் நினைத்தது அதுதான் என்றால் விட்டுவிடலாம். எதிரில் இருப்பவர் எண்ணத்தைத் திருத்துவதுதான் நோக்கமென்றால், வேண்டியது 'உண்மையில்' என்று பொருள்படும் 'என் ரெயலிதாத்'. அந்த மாணவியின் வாக்கியத்தில் இந்த ஒரு மாற்றம் போதுமாயிருந்தது.

அப்புறம், 'எம்பராசாதா'வுக்குப் பயந்து அதன் உறவுச் சொற்களையெல்லாம் ஒதுக்கிவிட வேண்டாம். 'சித்துவாசியோன் எம்பராசோசா' என்றால் தர்மசங்கடமான நிலைமை என்றுதான் பொருள், ஆங்கிலத்தில் போலவே.