ஐஓயூ: வெட்டும் சேர்ப்பும்

படத்தில் இருக்கும் பொருளைப் பின்னணியிலிருந்து தானாகப் பிரித்தெடுக்கும் மென்பொருளைச் சோதித்துப் பார்த்தவர்கள், முடிவில் திரையில் `IoU: 0.88` என்று ஒரு வரி வருவதைக் கண்டிருப்பார்கள். இன்டர்செக்‌ஷன் ஓவர் யூனியன் என்பதன் சுருக்கம் அது. பேச்சில் ஐஓயூ என்றே சொல்கிறோம். மென்பொருள் வெட்டிய மாஸ்க், ஒரு மனிதர் கையால் கோடிழுத்து வரைந்த மாஸ்க்கோடு எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதற்கான மதிப்பெண் இது. துளியும் பொருந்தாவிட்டால் 0, அப்படியே பொருந்தினால் 1.

மாஸ்க் என்பதை இங்கே முகமூடி என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். பொருள் இருக்கும் இடமெல்லாம் வெள்ளை, மற்ற இடமெல்லாம் கறுப்பு என்று படத்தின் அளவிலேயே இருக்கும் இன்னொரு படம்தான் மாஸ்க். வெள்ளைப் பிக்சல்களின் கூட்டம் என்று நினைத்துக்கொண்டால் போதும். பள்ளிக் கணக்குப் பாடத்தில் படித்த கணம் இதுதான்.

ஒரு பீங்கான் டீ கெட்டிலை எடுத்துக்கொள்வோம். படம் 1000 x 1000, அதாவது 10 லட்சம் பிக்சல். கையால் வரைந்த மாஸ்க்கில் கெட்டில் 2,00,000 பிக்சலை அடைக்கிறது. மென்பொருள் வரைந்ததில் 2,05,000. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று தோன்றும். ஆனால் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் கதை வேறு. கைப்பிடிக்குள் இருக்கும் ஓட்டையை மென்பொருள் அடைத்துவிட்டது: அதில் 12,000 பிக்சல். கெட்டிலின் அடியில் விழுந்த நிழலையும் கெட்டில் என்று எடுத்துக்கொண்டது: 3,000. வெள்ளை மூக்கு வெள்ளைச் சுவரோடு கலந்துவிட்டதால் அதில் 10,000 பிக்சலை விட்டுவிட்டது.

இரண்டு மாஸ்க்கிலும் பொதுவாக இருப்பது, அதாவது இன்டர்செக்‌ஷன், 1,90,000. இரண்டில் ஏதாவது ஒன்றிலாவது இருப்பது, அதாவது யூனியன், அந்த 1,90,000-உடன் கூடுதலாகச் சேர்ந்த 15,000-ஐயும் விடுபட்ட 10,000-ஐயும் கூட்டினால் 2,15,000. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 0.88. கணக்கு இவ்வளவுதான். பைத்தானில் எழுதினால்:

```python
import numpy as np
from PIL import Image

kai  = np.array(Image.open("kai.png").convert("L")) > 127
auto = np.array(Image.open("auto.png").convert("L")) > 127
print((kai & auto).sum() / (kai | auto).sum())
```

இந்த `> 127` தேவையில்லாதது போல் தோன்றும், ஆனால் விட்டுவிடக் கூடாது. முடி, கண்ணாடி போன்றவற்றின் ஓரத்தில் மாஸ்க் வெள்ளையாகவும் இருக்காது, கறுப்பாகவும் இருக்காது, சாம்பலாக இருக்கும். எந்தச் சாம்பல் வரை பொருள் என்று ஒரு கோடு போட்ட பிறகுதான் எண்ண முடியும். மாஸ்க்கை ஜேபெக்காகச் சேமித்தாலும் ஓரங்களில் இப்படிச் சாம்பல் புகுந்துவிடும். அதனால் மாஸ்க் என்றால் பிஎன்ஜிதான்.

சரி, மொத்தப் பிக்சலில் எத்தனை சரி என்று நேராகவே எண்ணிவிடலாமே? எண்ணலாம். நம் கெட்டில் படத்தில் தவறு 25,000. 10 லட்சத்தில் 97.5 சதவீதம் சரி. ஆனால் மென்பொருள் எதையுமே வெட்டாமல் முழுக் கறுப்புப் படத்தைக் கொடுத்தால்கூட, பின்னணி 8 லட்சம் பிக்சல் இருப்பதால் 80 சதவீதம் வாங்கிவிடும். ஐஓயூவில் அதற்குக் கிடைப்பது 0. இரு தரப்பும் பின்னணி என்று ஒப்புக்கொண்ட இடத்தை இந்தக் கணக்கு எடுத்துக்கொள்வதே இல்லை. அதன் பலம் அங்கேதான் இருக்கிறது.

இந்த யோசனை கணினியிலிருந்து வந்ததல்ல. சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் பால் ஜக்கார், ஆல்ப்ஸ் மலையில் இரண்டு இடங்களில் வளரும் செடிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 1901-இல் ஒப்பிட்டார். இரண்டு இடத்திலும் காணப்படும் இனங்களின் எண்ணிக்கையை, இரண்டையும் சேர்த்து மொத்தம் எத்தனை இனங்களோ அதால் வகுத்தார். பிரெஞ்சில் அவர் வைத்த பெயரைத் தமிழில் பொதுமைக் கெழு எனலாம். ஐஓயூவை இன்றும் பலர் ஜக்கார் குறியீடு என்று சொல்வது இதனால்தான். செடி இருந்த இடத்தில் பிக்சல் வந்ததே தவிர, கணக்கு மாறவில்லை.

இனி சொல்லுக்கு வருவோம். இன்டர்செக்‌ஷன் என்பதில் இலத்தீன் மூலத்தில் 'இடையே', 'வெட்டு' என்ற இரண்டு பொருள்கள் இருக்கின்றன. யூனியன், 'ஒன்று' என்ற சொல்லிலிருந்து வந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவற்றை வெட்டு, சேர்ப்பு என்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் இடைவெட்டு, ஒன்றிப்பு. மூலத்தின் இரு பகுதிகளும் இலங்கை வழக்கில் அப்படியே இருக்கின்றன என்பதை வியப்போடுதான் பார்க்கிறேன். இந்தத் துறைக்கு அது இன்னொரு விதத்திலும் உதவும். படத்திலிருந்து உருவத்தை வெட்டி எடுப்பதுதான் நம் வேலையே. அங்கே வெறுமனே 'வெட்டு' என்றால் எந்த வெட்டு என்ற குழப்பம் வரும். இடைவெட்டு என்றால் வராது.

ஓவர் என்ற சொல்தான் மொழிபெயர்ப்பவர்களைத் தடுக்கி விழ வைக்கிறது. 'சேர்ப்பின் மேல் வெட்டு' என்று எழுதுகிறார்கள். ஒன்றின்மேல் ஒன்று வைப்பது என்ற பொருளில் அது படிக்கப்படுகிறது. இங்கே ஓவர் என்பது பின்னத்தின் கோடு, அதாவது வகுத்தல். ஆங்கிலம் பின்னத்தை மேலிருந்து கீழே படிக்கிறது. தமிழ் கீழிருந்து மேலே படிக்கும்: மூன்றில் இரண்டு. அந்த முறையில் சொன்னால் 'சேர்ப்பில் இடைவெட்டின் பங்கு' என்று வரும். கேட்டவுடனே எதை எதால் வகுப்பது என்று புரிந்துவிடுகிறது. பெயராக வேண்டுமென்றால் இடைவெட்டு–சேர்ப்பு விகிதம் என்று எழுதலாம். நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

எவ்வளவு இருந்தால் நல்ல மதிப்பெண்? பொருள் கண்டறியும் பாஸ்கல் விஓசி போட்டியில் பொருளைச் சுற்றி வரையும் கட்டத்திற்கு 0.5-ஐத் தாண்டினால் போதும் என்று வைத்தார்கள். மாஸ்க்குக்கு அது மிகவும் தாராளம். ஆனால் பொருளின் அளவைச் சொல்லாமல் எந்த எல்லையும் வைக்க முடியாது. 100 x 100 சதுரத்தை நான்கு பக்கமும் ஒரே ஒரு பிக்சல் பெரிதாக வரைந்தால் 10,000-ஐ 10,404-ஆல் வகுக்கிறோம்: 0.96. அதே ஒரு பிக்சல் பிசகு 10 x 10 சதுரத்தில் நடந்தால் 100-ஐ 144-ஆல் வகுக்க, 0.69 ஆகிவிடும். கை நடுக்கம் ஒன்றுதான், தண்டனை வேறு. மறுபக்கம், பெரிய பொருளின் ஓரத்தில் நடக்கும் சொதப்பலை உள்ளே இருக்கும் பெரும்பரப்பு மூடி மறைத்துவிடும். ஓரத்தை ஒட்டிய பட்டையில் மட்டும் இதே கணக்கைப் போடும் பவுண்டரி ஐஓயூ என்ற முறையை 2021-இல் கொண்டுவந்தது இதற்காகத்தான்.

மறுபடியும் அந்தக் கெட்டிலுக்கே வருகிறேன். கைப்பிடி ஓட்டை அடைபட்டதும் மூக்கு விடுபட்டதும் சேர்ந்து 0.88 வந்தது. இன்னொரு மென்பொருள் ஓட்டையையும் மூக்கையும் சரியாகப் பிடித்துவிட்டு, சுற்றுக்கோடு முழுவதும் நடுங்கி நடுங்கி அதே 15,000-ஐக் கூட்டி, அதே 10,000-ஐ விட்டாலும் வருவது 0.88தான். இரண்டு மாஸ்க்கையும் இரண்டு நிறத்தில் மேலே மேலே வைத்துப் பார்த்தால், முதலாவதைத் திருத்த இரண்டு மூன்று இடத்தைத் தொட்டால் போதும் என்று தெரியும். இரண்டாவதற்குக் கோட்டை முதலிலிருந்து இழுக்க வேண்டியிருக்கும்.