படத்துக்குள்ள இருக்கிற சிட்டையை ஆர் ஆர் வாசிக்கலாம்?

போன மாரியில ஒரு இரவு, ஒன்பது மணி தாண்டியிருக்கும், ஸ்டூடியோவைப் பூட்டிப்போட்டு வந்து சாப்பிட இருக்கேக்க எங்கட ஊர் வட்ஸ்அப் குரூப்பில ஒரு படம் வந்து விழுந்தது. குளக்கட்டு பிளந்து தண்ணி பாயுது, பக்கத்தில ஒரு ட்ரக்டர் சரிஞ்சு கிடக்குது, கூடவே ஒரு வொய்ஸ், "குளம் உடைஞ்சிட்டுது, கீழ இருக்கிற சனம் வெளிக்கிடுங்கோ" எண்டு. மூண்டு நாளா விடாத மழை, குளம் ஏற்கனவே வான் பாயுது, ஆர்தான் நம்பமாட்டினம்? பத்து நிமிஷத்தில ரோட்டில லாண்ட்மாஸ்டர் சத்தம், பெட்டியில பிள்ளையள், பாய், நெல்லு மூட்டை.

நான் கிளிநொச்சியில மீள்குடியேறி வந்த காலத்தில இருந்து ஸ்டூடியோ வச்சிருக்கிறன், கலியாணம், சாமத்தியவீடு, பாஸ்போர்ட் படம், இடைக்கிடை வெளிநாட்டில இருக்கிற பத்திரிகைக்காரருக்கும் படம் எடுத்துக் குடுக்கிறனான். அதால எந்தப் படம் வந்தாலும் "அண்ணை இது மெய்யோ" எண்டு எனக்குத்தான் தள்ளிவிடுவினம். அண்டைக்கு மட்டும் பதினொரு பேர்.

முதல் வேலையா கமக்காரர் அமைப்புச் செயலாளருக்கு கோல் எடுத்தன். "தம்பி நான் கட்டிலதான் நிக்கிறன், டோர்ச் அடிச்சுப் பாத்துக்கொண்டு நிக்கிறன், கட்டுக்கு ஒண்டும் ஆகேல்ல" எண்டார். அதோட எனக்கு விஷயம் முடிஞ்சுது. ஆனா வெளிக்கிட்டுப் போன சனத்துக்கு செயலாளர் சொன்னார் எண்டா காணாது, "அப்ப இந்தப் படம் என்ன" எண்டுதானே கேப்பினம். அங்கதான் இந்தக் கொன்டென்ட் கிரெடென்ஷியல் எண்ட சாமான் வருது.

ஒரு படம் எதால எடுக்கப்பட்டது, இல்லாட்டி எந்த சொஃப்ட்வெயரால செய்யப்பட்டது, பேந்து என்ன மாத்தினது எண்டதை படத்தின்ட ஃபைலுக்குள்ளயே எழுதி, கையெழுத்தும் வச்சு ஒட்டிவிடுற சிட்டைதான் அது. எழுதுற முறைக்கு சி2பிஏ எண்டு பேர், 2021ல அடோபி, பிபிசி, மைக்ரோசொஃப்ட், இன்டெல் எல்லாம் சேந்து தொடங்கினது. சிட்டையில படத்தின்ட கணக்கு ஒண்டு இருக்கும், ஹாஷ் எண்டு சொல்லுறது, படத்தில ஒரு புள்ளியை மாத்தினாலும் அந்த எண் பிழைச்சுப்போகும். சிட்டைக்குக் கீழ செய்த கம்பனியின்ட டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். கடைக்காரர் பில்லில சீல் குத்துற மாதிரி எண்டு வையுங்கோ, பில்லைத் திருத்தினா சீல் பொருந்தாது.

சரி, குரூப்பில வந்த படத்தை லப்டொப்பில போட்டுப் பாத்தன். c2patool எண்டு ஒரு சின்ன இலவச டூல் இருக்கு, கட்டளை இவ்வளவுதான்:

```
c2patool kulam.jpg
```

வந்த பதில் `No claim found`. சிட்டை இல்லை. இந்த இடத்திலதான் கனபேர் பிழை விடுறது, சிட்டை இல்லை எண்டா பொய்ப்படம் எண்டு அர்த்தமில்லை. எங்கட ஊரில இருக்கிற போனுகளில முக்கால்வாசிக்கு மேல சிட்டை எழுதவே தெரியாது, நான் பத்து வருஷமாப் பாவிக்கிற கமெராவுக்கும் தெரியாது. அதோட வட்ஸ்அப்பில படமா அனுப்பினா அது படத்தைத் திருப்பிச் சுருக்கி புது ஃபைலாச் செய்துதான் அனுப்புது, அதுக்குள்ள இருந்த சிட்டை அந்த இடத்திலயே போயிடும். ஸ்கிரீன்ஷொட்டும் அப்பிடித்தான். அப்ப எங்கட சனம் படம் பாக்கிற வழி எதுவோ அந்த வழியிலதான் சிட்டை கிழிஞ்சு விழுது, இதை நினைச்சா எனக்குச் சிரிப்பும் வரும் எரிச்சலும் வரும்.

அதால படத்தை விட்டிட்டு ஆளைத் தேடினன். எனக்கு ஆர் அனுப்பினது, அவைக்கு ஆர் அனுப்பினது எண்டு கேட்டுக் கேட்டுப் போனா மூண்டாவது ஆளோட ஏ/எல் படிக்கிற ஒரு பெடியன்ட போனில போய் நிண்டுது. முதல்ல தனக்கும் ஆரோ அனுப்பினதாம் எண்டான். நான் ஏசேல்ல, "சரி தம்பி, உன்ட போனில இருக்கிற ஃபைலை படமா அனுப்பாம டொக்கியூமென்டா அனுப்பு" எண்டன். அப்பிடி அனுப்பினா வட்ஸ்அப் கை வைக்காது, ஃபைல் இருந்தபடியே வரும். வந்தது ரெண்டு எம்பிக்கு மேல, குரூப்பில சுத்தினது அதில பத்தில ஒண்டும் இல்லை. திருப்பி அதே கட்டளை, இப்ப நீளமா விழுந்தது, அதில எனக்குத் தேவையான ரெண்டு வரி:

```
"action": "c2pa.created",
"digitalSourceType": ".../trainedAlgorithmicMedia"
```

பயிற்சி குடுத்த மெஷின் உண்டாக்கின படம் எண்டதுக்கு வைக்கிற பேர்தான் அந்தக் கடைசிச் சொல்லு. கையெழுத்து வச்சது ஓப்பன்ஏஐ, அதாவது சட்ஜிபிடியில செய்த படம். கொம்பியூட்டர் இல்லாத ஆக்கள் contentcredentials.org/verify எண்ட பக்கத்தில ஃபைலைப் போட்டாலும் இதையே வாசிக்கிற மாதிரிக் காட்டும், நான் அந்தப் பக்கத்தைத்தான் குரூப்பில போட்டனான். பெடியன் பேந்து ஒத்துக்கொண்டான், கூட்டாளிமாருக்குப் பகிடிக்குச் செய்ததாம். அவன்ட பேரை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. அவன் மட்டும் அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வச்சிட்டு மற்றதை அழிச்சிருந்தா என்னட்ட ஒரு ஆதாரமும் இருந்திருக்காது, அதையும் சொல்லத்தான் வேணும்.

இப்ப மற்றப் பக்கம். சிட்டை இருக்கு எண்டதுக்காக நம்பலாமோ? ஒரு நாள் பரீட்சிச்சுப் பாத்தன். அந்த c2patoolலயே படத்துக்குச் சிட்டை எழுதவும் ஏலும், நீங்கள் சொந்தச் சான்றிதழ் குடுக்காட்டி தன்னோட வாற பரீட்சைச் சான்றிதழாலயே கையெழுத்து வச்சுத் தரும். என்ட வீட்டு மாட்டின்ட படத்துக்கு நான் விரும்பின கதையை எழுதி ஒட்டினன். டூலில வாசிச்சா `Valid` எண்டு வருது! சிட்டை ஒட்டினதுக்குப் பிறகு ஒருத்தரும் கை வைக்கேல்ல எண்டதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம், எழுதினவன் ஆர் எண்டதை அது பாக்கேல்ல. கையெழுத்து வச்சவர் நம்பக்கூடியவர் லிஸ்டில இருந்தாத்தான் `Trusted` எண்டு வரும், அதுக்கு அந்த லிஸ்டையும் டூலுக்குக் குடுக்கவேணும். வெரிஃபை பக்கம் தானே லிஸ்டோட ஒப்பிட்டு, தெரியாத ஆள் எண்டா அப்பிடியே எழுதிக் காட்டும். அதால பச்சைச் சரி அடையாளத்தைப் பாத்திட்டு நிக்காம கையெழுத்து ஆற்றை எண்டு பாருங்கோ.

நல்ல பேரான கம்பனியின்ட கையெழுத்தும் ஒருக்கா வழுக்கினது. 2025ல நிக்கோன் இசட்6 III கமெராவுக்கு இந்த வசதி வந்த கையோட, ஒரு படத்துக்கு மேல இன்னொரு படம் எடுத்துச் சேக்கிற மல்டிப்பிள் எக்ஸ்போஷர் வசதியால, அந்தக் கமெராவில எடுக்காத படத்துக்கும் கையெழுத்து வாங்கலாம் எண்டு ஒருத்தர் காட்டினார். நிக்கோன் செப்டெம்பரில சேவையை நிப்பாட்டி, குடுத்த சான்றிதழ் எல்லாத்தையும் செல்லாது எண்டு அறிவிச்சது. எந்தக் கமெராவெண்டாலும், ஸ்கிரீனில ஒரு பொய்ப்படத்தைப் போட்டு அதைப் படம் எடுத்தா கமெரா நேர்மையாத்தான் கையெழுத்து வைக்கும், ஏனெண்டா அது எடுத்தது மெய்தானே.

எனக்குப் பயம் தந்தது வேற விஷயம். சிட்டைக்குப் பூட்டு இல்லை. ஃபைல் கையில இருக்கிற எவரும் வாசிக்கலாம், பத்திரிகைக்காரரும் வாசிக்கலாம், நீங்கள் ஆருக்கு ஒளிக்கிறியளோ அவையும் வாசிக்கலாம்.

முல்லைத்தீவுப் பக்கம் காணி விடச்சொல்லி சனம் இருந்த ஒரு இடத்தில படம் எடுத்தனான். கரையில நிண்ட ஒரு ஐயா "தம்பி என்ட முகம் வேண்டாம், எனக்கு வீட்டில பிரச்சினை வரும்" எண்டார். ஓம் ஐயா எண்டு சொல்லி ஃபோட்டோஷொப்பில அவர் நிண்ட பக்கத்தை வெட்டிப்போட்டன். வாங்கிற ஆக்கள் கிரெடென்ஷியலோட வேணும் எண்டு கேட்டவை, அதால அந்த வசதியை ஒன் பண்ணிப்போட்டுத்தான் எக்ஸ்போர்ட் பண்ணினது. அனுப்ப முதல் சும்மா ஒருக்கா வெரிஃபை பக்கத்தில போட்டுப் பாத்தா, மேல வெட்டின படம், கீழ எந்தப் படத்தில இருந்து வந்தது எண்டு காட்டுற இடத்தில வெட்டாத படம் சின்னனா இருக்கு. கரையில ஐயா நிக்கிறார். சின்னன்தான், ஆனா அவரைத் தெரிஞ்ச ஆக்களுக்கு அது காணும். எனக்கு கை கால் விறைச்சுப்போச்சு.

அது பிழையில்லை, அதின்ட வேலையே அதுதான், முதல் எப்பிடி இருந்தது பேந்து என்ன செய்தது எண்டு காட்டுறது. சிட்டைக்குள்ள மூலப்படத்தின்ட குட்டிப் பிரதி போகும் எண்டது எனக்குத்தான் தெரியேல்ல. பேர், உங்கட சோஷல் மீடியாக் கணக்கு, சில கமெராவில எடுத்த இடத்தின்ட ஜிபிஎஸ் கூட போகலாம். எல்லாம் ஒரே மாதிரி இல்லை, கூகிள் பிக்சல் 10 போனில ஒவ்வொரு படத்துக்கும் ஒருக்காப் பாவிக்கிற சாவியால கையெழுத்து வைக்கிறது, ரெண்டு படமும் ஒரே ஆள் எடுத்ததோ எண்டு அதை வச்சுப் பொருத்த ஏலாம இருக்கவேணும் எண்டு.

அப்ப வட்ஸ்அப்பில படமா அனுப்பினா எல்லாம் போயிடும்தானே எண்டு கேப்பியள். ஃபைலுக்குள்ள இருந்தது போகும். ஆனா அடோபியில சிட்டையை ஃபைலில ஒட்டிறதோட கிளவுட்டிலயும் பதியலாம், அப்பிடிப் பதிஞ்சா சிட்டை இல்லாத படத்தை வெரிஃபை பக்கத்தில போட்டுத் தேடினாலும், படத்தின்ட சாயலை வச்சு அந்தப் பதிவைக் கண்டுபிடிச்சுக் காட்டலாம். களவாப் பாவிக்கிற படத்தைப் பிடிக்க அது நல்லம். ஐயாவின்ட படத்துக்கு நல்லமில்லை.

இப்ப நான் செய்யிறது இதுதான்: முகம் மறைக்கவேண்டிய படமெண்டா கிரெடென்ஷியல் எழுதாத பழைய சொஃப்ட்வெயர் ஒண்டில முதல்லயே வெட்டி, இடத் தகவலையும் அழிச்சு, புது ஃபைலா சேவ் பண்ணிப்போட்டுத்தான் ஃபோட்டோஷொப்புக்குள்ள கொண்டுபோறன், கிளவுட் பதிவு ஓஃப். அப்பிடிச் செய்தா சிட்டையில வெட்டின படத்தில இருந்துதான் கதை தொடங்கும், அதுக்கு முதல் என்ன எண்டு இருக்காது. வாங்கிறவைக்கு அது குறை, ஒருக்கா ஒராள் அதுக்காகவே படத்தைத் திருப்பி அனுப்பினவர். வெட்டாத ஃபைல் ஒரு ஹார்ட் டிஸ்கில என்ட அலுமாரிக்குள்ள கிடக்கு, ஐயா ஓம் எண்டாத்தான் அது வெளியில வரும்.